வாடை வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது?

"வாடை அடிச்சா யாரும் நிக்கக்கூடாது, வெளியே ஓடிரணும்."

மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனி. புதிதாகச் சேர்ந்த ஆட்களை வரிசையாக நிறுத்தி ஆபரேட்டர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மேற்கே கொங்குப் பக்கத்துக்காரர். எதிரே நின்றவர்களில் ஒருவர் போன வருடம்வரை கடலுக்குப் போய்க்கொண்டிருந்த உள்ளூர்க்காரர். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "வாடை ஐப்பசியிலதானண்ணே அடிக்கும்? அதுக்கு எதுக்கு ஓடணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ராமேசுவரம், பாம்பன், மண்டபம் கரையில் வாடை என்றால் வடக்கிலிருந்து வரும் காற்று. கச்சான், சோழகம், கொண்டல் போல அதுவும் ஒரு காற்றின் பெயர். ஆபரேட்டரின் ஊரிலோ வாடை என்றால் நாற்றம். ஒரே மொழி, ஒரே சொல், இரண்டு பொருள்.

வரிசையின் கடைசியில் ஒடிசாவிலிருந்து வந்த நான்கு பையன்கள் நின்றிருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள், எதற்கென்று தெரியாமலே. ஆபரேட்டர் கடைசியில் "புரிஞ்சுதா?" என்று கேட்டபோது அவர்கள்தான் முதலில் தலையாட்டினார்கள்.

ஐஸ் கம்பெனி வெளியிலிருந்து பார்க்கச் சாதுவான இடம். உப்புத்தண்ணீர்த் தொட்டியில் தகரக் கேன்கள் முங்கிக் கிடக்கும். அந்தத் தண்ணீரைப் பனிக்கட்டிக்கும் கீழான குளிரில் வைத்திருப்பது தொட்டிக்குள் ஓடும் குழாய்களில் இருக்கும் அம்மோனியா. அது மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஆவியை எஞ்சின் ரூமில் இருக்கும் கம்ப்ரசர் அழுத்த, அது குளிர்ந்து மறுபடி திரவமாகும். இதே சுற்று இறால், நண்டு, மீன் பதப்படுத்தும் கம்பெனிகளின் குளிர் அறைகளுக்குப் பின்னாலும் ஓடுகிறது. குழாய்க்குள் இருக்கும்வரை எந்தத் தொல்லையும் இல்லை. வெளியே வந்தால் அது முதலில் தேடுவது ஈரத்தை. மனித உடம்பில் எப்போதும் ஈரமாக இருப்பவை கண், மூக்கு, தொண்டை, நுரையீரல்.

2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே புதூர் பாண்டியாபுரத்தில் ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் அம்மோனியா கசிந்து சுமார் 30 பெண்கள் மூச்சுத்திணறி மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தமிழ்நாட்டுப் பெண்களும் ஒடிசாப் பெண்களும் அதில் இருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். இப்படி ஓர் இடத்தில், நாலு மொழி பேசும் ஆட்களுக்கு, ஓடு என்பதை எப்படிச் சொல்லி வைப்பது? ஓடினால் மட்டும் போதாது. எந்தப் பக்கம் ஓடுவது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சுவரில் இருக்கும் பலகை

பெரும்பாலான இடங்களில் ஒரு பலகை இருக்கிறது. அதன் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "எச்சரிக்கை. அம்மோனியா வாயுக் கசிவு ஏற்படும் பட்சத்தில் பணியாளர்கள் பதற்றமடையாமல் காற்று வீசும் திசைக்கு எதிராக உடனடியாக வெளியேறிப் பாதுகாப்பான இடத்தில் ஒன்றுகூட வேண்டும்." மேலே ஒரு மண்டை ஓடு. கீழே அதே வாசகம் ஆங்கிலத்தில்.

இப்படி இரண்டு மொழியில் எழுதியதற்குச் சட்டமே காரணம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 108ஆம் பிரிவில், அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பான்மையோருக்குப் புரியும் ஒரு மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. 20 பேரில் 12 பேர் தமிழர் என்றால் தமிழில் எழுதியதோடு சட்டத்தின் கணக்கு முடிந்தது. மீதி 8 பேர் ஒடியாவோ இந்தியோ பேசினால் அவர்களுக்காக எழுதச் சொல்லி அந்தப் பிரிவில் ஒன்றுமில்லை. போபாலுக்குப் பிறகு, 1987இல், 41பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அபாயமான வேலை நடக்கும் இடங்களில் அந்த அபாயம் என்ன, அதற்கு என்ன செய்வது என்பதைத் தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது சொன்னது. தெரிவித்ததற்குச் சாட்சியாகப் பலகை இருந்தது; தெரிந்துகொண்டார்களா என்பதற்குச் சாட்சி ஏதும் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றிருந்ததை அது 20 பேர் என்று ஆக்கிவிட்டது. இந்தக் கரையின் ஐஸ் கம்பெனிகளில் எத்தனையில் 20 பேர் இருக்கிறார்கள்?

சட்டம் கிடக்கட்டும், அந்த வாசகத்தையே எடுத்துக்கொள்வோம். அது தமிழருக்காவது புரிகிறதா? "ஏற்படும் பட்சத்தில்", "ஒன்றுகூட வேண்டும்" என்பதெல்லாம் யாரும் வாயால் பேசாத தமிழ். "பதற்றமடையாமல்" என்ற சொல்லைக் கேட்டுப் பதற்றம் அடங்கிய மனிதரை நான் கண்டதில்லை. இவற்றைவிட மோசமான பிழை நடுவில் இருக்கிறது. "காற்று வீசும் திசைக்கு எதிராக" ஓடச் சொல்கிறது. காற்று எஞ்சின் ரூம் பக்கமிருந்து உங்களை நோக்கி வீசுகிறது என்று வையுங்கள். அதற்கு எதிராக ஓடினால் நேரே கசிவுக்குள்தான் போய் விழுவீர்கள். முதலில் காற்றுக்குக் குறுக்கே, பக்கவாட்டில் விலக வேண்டும். புகை மண்டலத்தைத் தாண்டிய பிறகுதான் காற்று வரும் பக்கம் திரும்ப வேண்டும். இந்த இரண்டு அடிகளை ஒரே அடியாகச் சுருக்கிய பலகையைச் சரியாகப் படித்து, சரியாகப் புரிந்துகொண்டு, அதன்படியே நடப்பவருக்கு ஆபத்து அதிகம்.

மொழிபெயர்ப்புக்கு ஆள் தேடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. பிழையான வாசகத்தை ஒடியாவில் மாற்றினால் ஒடியாவில் ஒரு பிழை கிடைக்கும்.

மண்டை ஓடு என்ன சொல்கிறது?

மொழி தெரியாதவருக்குப் படம் போதும் என்பது எல்லோரும் சொல்வது. அது பாதி உண்மை.

1971இன் கடைசியில் ஈராக்குக்குக் கப்பலில் விதைக் கோதுமை வந்தது. பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பாதரச மருந்து கலந்து, சாப்பிடக்கூடாது என்று அடையாளம் தெரிய சிவப்புச் சாயம் ஏற்றியிருந்தார்கள். மூட்டைகளில் ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் எச்சரிக்கை இருந்தது, மண்டை ஓட்டுப் படமும் இருந்தது. ஈராக்கின் கிராமத்தாருக்கு ஸ்பானிஷும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது, அந்தப் படத்தின் பொருளும் தெரியாது. சாயத்தைக் கழுவினார்கள், சிவப்பு போனதும் விஷமும் போய்விட்டது என்று நினைத்தார்கள். சிலர் கோழிக்குப் போட்டுப் பார்த்தார்கள், கோழிக்கு உடனே ஒன்றும் ஆகவில்லை. அந்த மாவில் ரொட்டி சுட்டுத் தின்றவர்களில் மருத்துவமனைக்கு வந்தவர்கள் மட்டும் 6,530 பேர். இறந்தவர்கள் 459 பேர்.

அந்த மூட்டையில் எச்சரிக்கை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று விதத்தில் இருந்தது. மூன்றும் எழுதியவரின் ஊரில்தான் செல்லும்.

மண்டை ஓடு தெரிந்தவருக்கும் அது சொல்வது "இங்கே சாவு இருக்கிறது" என்பது மட்டுமே. என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை. கதிர்வீச்சுக்கான மூன்று இதழ் அடையாளத்துக்கும் இதே கதிதான். 2000இல் தாய்லாந்தில் பழைய இரும்பு வாங்குபவர்கள் அந்த அடையாளம் போட்ட உருளையை அது என்னவென்று தெரியாமல் பிரித்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். பிறகு சர்வதேச அணுசக்தி முகமை புதிய அடையாளம் வரையச் சொல்லி, அதை இந்தியா உட்பட 11 நாடுகளில் 1,650 பேரிடம் காட்டிச் சோதித்தது. 2007இல் வெளியானது. அதில் கதிர்கள், மண்டை ஓடு, அவற்றோடு விலகி ஓடும் ஒரு மனித உருவம், ஓர் அம்பு. புதிதாகச் சேர்ந்தது அந்த ஓடும் மனிதன்தான். பார்ப்பவர் செய்ய வேண்டியதை அவன் செய்துகொண்டிருக்கிறான்.

ஐஸ் கம்பெனிப் பலகைக்கும் அதுதான் வழி. அம்மோனியாவைப் படமாகப் போட முடியாது, அதற்கு உருவமில்லை. ஆனால் அது வந்ததும் ஓர் ஆள் என்ன செய்வான் என்பதைப் படமாகப் போடலாம்.

ஒரு பலகையை மாற்றி எழுதிப் பார்ப்போம்

மண்டபத்தின் வடக்குக் கடல் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். 20 பேர். 12 பேர் தமிழ், 5 பேர் ஒடியா, 3 பேர் இந்தி. ஒடியா பேசும் ஐவரில் இருவருக்கு எழுத்தும் தெரியாது. ஒடியாவில் அச்சடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். நம் ஆட்களிலும் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் உண்டு.

முதல் கேள்வி, பலகை யாருக்கு? கசிவு வந்தால் ஆபரேட்டர் செய்ய வேண்டியது ஒரு நீண்ட பட்டியல்: கம்ப்ரசரை நிறுத்துவது, எந்த வால்வை மூடுவது, முகமூடி போடுவது, தரையில் தேங்கிய திரவ அம்மோனியா மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது. (ஊற்றினால் தண்ணீரின் சூடு பட்டு அது இன்னும் வேகமாகக் கொதித்துக் கிளம்பும்.) கேன் தூக்குபவருக்கும் ஐஸ் உடைப்பவருக்கும் இதில் எதுவும் வேண்டாம். தண்ணீரால் கண்ணைக் கழுவு, ஆனால் தேங்கியதில் தண்ணீர் ஊற்றாதே என்று இரண்டையும் ஒரே பலகையில் படம் போட்டால் இரண்டும் குழம்பும். ஆகவே ஆபரேட்டரின் தாள் எஞ்சின் ரூமுக்குள் இருக்கட்டும். எல்லோருக்குமான பலகையில் மூன்றே சங்கதிகள்.

ஒன்று, எப்போது? "வாடை வந்தால்" என்று எழுத முடியாது, அது முதல் நாளே தெரிந்துவிட்டது. "நாற்றம் வந்தால்" என்பதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அம்மோனியாவைப் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு இருந்தாலே சில மூக்குகள் கண்டுபிடித்துவிடும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று வைத்திருக்கும் அளவு 300 பங்கு. இடையில் பெரிய இடைவெளி. பழைய ஐஸ் கம்பெனிகளில் லேசான நாற்றம் தினமும் இருக்கும். பழகியவர்கள் அதை நாற்றமாகவே எடுத்துக்கொள்வதில்லை. நாற்றம் வந்தாலே ஓடு என்றால் நாள் முழுவதும் ஓட வேண்டும். இரண்டாம் நாள் யாரும் ஓட மாட்டார்கள். ஆகவே இரண்டு படிகள். மூக்குப் படம்: மணந்தால் ஆபரேட்டரிடம் சொல். கண்ணீர் வழியும் கண் படம்: கண் எரிந்தால், வெள்ளைப் புகை தெரிந்தால், ஓடு. கண் எரிச்சலுக்கு எந்த மொழியும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம்.

இரண்டு, எப்படி? கழுத்தில் கிடக்கும் துண்டை நனைத்து மூக்கையும் வாயையும் பொத்திக்கொள்வது. அம்மோனியா தண்ணீரில் மிக எளிதாகக் கரையும். ஈரத்துணி கொஞ்சம் பிடித்துவைக்கும். வெளியே போவதற்கு மட்டும்தான் இது உதவும். உள்ளே விழுந்து கிடப்பவரைத் தூக்கப் போவதற்கு ஈரத்துண்டு போதாது. இதைப் படத்தில் காட்டியே ஆக வேண்டும். வெளியே வருபவர் பக்கத்தில் சரி என்ற குறி, உள்ளே போகிறவர் மேல் பெருக்கல் குறி. கூடவே கண் கழுவும் படம். குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும் என்பது மருத்துவக் கணக்கு. கண் எரியும் ஒருவர் கடிகாரம் பார்க்க மாட்டார். "வண்டி வரும்வரை கழுவு" என்று குழாயையும் ஆம்புலன்சையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தால் எண் தேவையில்லை.

மூன்று, எங்கே? இதுதான் இந்தக் கரையின் சிக்கல். எல்லா ஊர் ஆலைகளிலும் கூடும் இடம் என்று ஒரு பச்சைப் பலகை நட்டுவிடுவார்கள். இங்கே ஆனி, ஆடியில் காற்று தெற்கும் மேற்குமாக அடிக்கும், ஐப்பசி முதல் வடக்கிலிருந்து. ஒரு பருவத்தில் பத்திரமாக இருந்த இடம் அடுத்த பருவத்தில் வாயு போய்ச் சேரும் இடம். ஆகவே இரண்டு இடங்கள் வேண்டும். அவற்றுக்கு 'அ', 'ஆ' என்று பெயர் வைத்தால் தமிழருக்கு மட்டும் தெரியும். வடக்கே கடல் பக்கம் உள்ளதற்குப் படகு, தெற்கே தரைப் பக்கம் உள்ளதற்குப் பனை. படகையும் பனையையும் தெரியாமல் இங்கே வேலைக்கு வந்தவர் யாருமில்லை. ஒடிசாவிலும் இரண்டும் உண்டு.

அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்பதைக் கூரைமேல் கட்டிய ஒரு நீளக் கொடி சொல்லும். பருவத்தை மட்டும் நம்ப முடியாது. பகலில் கடற்காற்று திரும்பிக்கொள்ளும் நாள்களும் உண்டு. கொடியைப் பற்றி ஒரு வாக்கியம் போதும்: கொடியின் வால் பக்கம் போகாதே. வாயுவும் அந்தப் பக்கம்தான் போகும். காற்றுக்கு எதிராக, காற்றின் திசையில், காற்று வரும் திசை, காற்று போகும் திசை என்று நாலு விதமாகச் சொல்லிக் குழப்பியதெல்லாம் வால் என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. எஞ்சின் ரூம் வழியாக மட்டும் யாரும் போகக்கூடாது. அந்தக் கதவைச் சுற்றித் தரையில் சிவப்புப் பட்டை.

மற்ற மொழிச் சொற்கள்

படத்துக்கு அடியில் சொற்களும் வேண்டும். கூவ வேண்டிய நேரத்தில் படத்தைக் கூவ முடியாது. நாலு மொழிக்கும் பொதுவாக ஏற்கெனவே புழங்கும் சொற்களைத் தேடினால் கிடைக்கின்றன. "கேஸ்" எல்லோருக்கும் தெரியும். "ஸ்டாப்" தெரியும். தண்ணீருக்கு இந்தியிலும் ஒடியாவிலும் பானி, பாணிதான்; நம் ஆட்களுக்கும் பழகிவிட்டது. "கேஸ்! கேஸ்!" என்று இருமுறை கத்தி, ஒரு மணியை விடாமல் அடித்தால் போதும்.

ஆனால் எல்லோருக்கும் தெரிந்ததுபோல் இருக்கும் சொல்தான் ஏமாற்றும். மெஷினை ஓட விடு என்பதற்கு வடநாட்டு ஆபரேட்டர்கள் "சாலு கரோ" என்பார்கள். இந்தியில் சாலு என்றால் ஓட்டத்தில் இருப்பது. தெலுங்கில் ஏறத்தாழ அதே ஒலியுள்ள "சாலு" என்ற சொல்லுக்குப் போதும் என்று பொருள். ஐஸ் உடைக்கும் மெஷினுக்குள் சிக்கிய கட்டியை எடுக்கத் தெலுங்குக்காரர் ஒருவர் கையை விட்டிருக்கும்போது அந்தப் பக்கமிருந்து "சாலு?" என்று கேள்வி வந்தால் அவர் "சாலு, சாலு" என்று பதில் சொல்ல மாட்டார் என்பதற்கு என்ன உறுதி? இந்த மெஷின் பக்கத்தில் வாய்ப்பேச்சையே நம்பக் கூடாது. சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவி கையை விடுகிறவரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

மொழியில்லாமல் மனிதர்களை இடம் சேர்ப்பது மண்டபத்துக்குப் புதிதல்ல. மண்டபம் கேம்ப் என்று இன்றும் ரயில் நிலையத்தின் பெயரில் இருக்கும் அந்த முகாம், இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் ஆட்களை நோய்ச் சோதனைக்காகத் தங்கவைத்த இடம். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படிப் போனவர்களுக்கு எழுத்தும் எண்ணும் பொறித்த ஒரு தகரத் துண்டு கொடுத்தார்கள். எந்தத் தோட்டத்துக்கு என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். அந்தத் துண்டு அதிகாரிக்குப் புரிந்தது, சுமந்தவருக்குப் புரியவில்லை. நம் ஐஸ் கம்பெனிப் பலகைகளில் பாதி இன்னும் அந்தத் தகரத் துண்டின் வம்சம்தான். இன்ஸ்பெக்டர் வந்தால் காட்டுவதற்கு.

சோதித்துப் பார்க்காத பலகை

வரைந்து முடித்ததும் அச்சுக்குக் கொடுத்துவிடக் கூடாது. தாளில் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்து இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இது என்ன சொல்கிறது? இதைப் பார்த்தால் நீ என்ன செய்வாய்? கும்பலாகக் கேட்டால் முதல் ஆள் சொன்னதையே எல்லோரும் சொல்வார்கள். அவரவர் மொழியில் பதில் சொல்லட்டும். அதே மொழிக்காரர் ஒருவர் அருகில் இருந்து கேட்டுச் சொல்லட்டும்.

எத்தனை பேர் சரியாகச் சொன்னால் போதும்? அமெரிக்காவின் பாதுகாப்புக் குறியீட்டுத் தரம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நூற்றுக்கு 85 பேர் சரியாகச் சொல்ல வேண்டும். தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் 5 பேருக்கு மேல் போகக் கூடாது. நம் 20 பேருக்கு அது 17 பேரும் ஒருவரும். இரண்டாவது எண்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. "தெரியாது" என்று சொல்பவர் பக்கத்து ஆளைப் பார்த்து ஓடுவார். தலைகீழாகப் புரிந்துகொண்டவர் உறுதியோடு தப்பான பக்கம் ஓடுவார், இன்னும் மூன்று பேரை இழுத்துக்கொண்டு.

கொடிப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொடியின் வால் கூராக இருந்தால் அதை அம்பு என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. 20 பேரில் 4 பேர் "வால் காட்டும் பக்கம் போகணும்" என்றால் அந்தப் படம் தோற்றது. அவர்களைத் திட்டிப் பயனில்லை. வாலின் நுனியைச் சதுரமாக வெட்டி, அந்தப் பக்கம் வெள்ளைப் புகையையும் அதில் விழுந்து கிடக்கும் ஓர் ஆளையும் வரைந்து, மறுபடி வேறு ஆட்களிடம் காட்ட வேண்டும். பழைய ஆட்களிடமே காட்டினால் நாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் திருப்பிச் சொல்வார்கள்.

படங்களின் வரிசையும் ஏமாற்றும். தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றைப் பற்றி இந்தத் துறையில் ஒரு கதை சொல்வார்கள். தண்டவாளத்தில் கிடக்கும் கல்லை அகற்றச் சொல்லி மூன்று கட்டங்களில் படம் போட்டார்களாம். எழுத்துப் பழகாத தொழிலாளர்கள் வலமிருந்து இடமாகப் பார்த்து, கல்லைக் கொண்டுவந்து தண்டவாளத்தில் போட்டார்களாம். கதையாகவே இருக்கட்டும், வரிசை எழுத்தறிவோடு வருவது என்பது உண்மை. இடமிருந்து வலம் என்ற பழக்கம் நமக்கே பள்ளிக்கூடம் கொடுத்தது. படங்களை மேலிருந்து கீழாக அடுக்கி 1, 2, 3 என்று போட்டால் தப்பு குறையும். அதைவிட நல்லது, மூன்று படத்தையும் ஓரிடத்தில் குவிக்காமல் அந்தந்த வேலை நடக்கும் இடத்தில் ஒன்றொன்றாக வைப்பது. கண் கழுவும் படம் குழாய்க்கு மேலே, கொடிப் படம் கதவுக்கு வெளியே, கொடி தெரியும் இடத்தில்.

இந்தக் கரையில் பலகைக்கு இன்னொரு எதிரி உண்டு. உப்புக்காற்று தகரத்தைத் தின்னும். வெயில் நிறத்தைத் தின்னும். நிறங்களில் முதலில் போவது பெரும்பாலும் சிவப்பு. புகை பிடிக்காதே என்ற பலகையில் சிகரெட் கறுப்பு, அதைச் சுற்றிய வட்டமும் குறுக்குக் கோடும் சிவப்பு. இரண்டு கோடை போனால் சிவப்பு வெளுத்து, கறுப்புச் சிகரெட் மட்டும் தெளிவாக நிற்கும். படிக்கத் தெரியாதவருக்கு அது இப்போது என்ன சொல்கிறது? குறுக்குக் கோட்டையும் கறுப்பு விளிம்போடு வரையச் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, வெளுத்த பலகையைப் புதியவர் ஒருவரிடம் காட்டி மறுபடி கேட்க வேண்டும்.

முதலில் சொன்ன அந்த ஐஸ் கம்பெனிக்கு நான் இரண்டாம் முறை போனபோது ஆபரேட்டர் "வாடை" என்று சொல்வதை விட்டிருந்தார். புது ஆளைக் கொடிக்குக் கீழே நிறுத்தி, கண்ணைக் கசக்கிக் காட்டி, மணியை அடித்தார். அந்தப் பையன் இரண்டடி வைத்து நின்று, கொடியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பனை இருந்த பக்கம் ஓடினான். சோழகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. "இவன் பேரே எனக்கு இன்னும் வாயில நுழையல, ஆனா ஓட்டம் சரியா இருக்கு" என்றார்.

ஐஸ் கம்பெனியோ மீன் கம்பெனியோ நடத்துகிறவர் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். நாளைக் காலை ஷிப்ட் மாறும்போது கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவரைக் கூப்பிடுங்கள். புரிந்ததா என்று கேட்காதீர்கள். இப்போது கேஸ் வந்தால் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். வாயால் பதில் சொல்ல விடாதீர்கள், நடந்து காட்டச் சொல்லுங்கள்.